நான்கு பேணிகளும் ஒரு பானையும்

மண்டபம் அகதி முகாமிலிருந்து விடத்தல்தீவுக்குத் திரும்பியபோது எமிலியானுஸ் தம்மோடு கொண்டுவந்தவை இரண்டு: ஒரு மனைவி, ஒரு கொள்கை. மனைவியின் பெயர் மெற்றில்டா. கொள்கைக்குப் பெயர் இல்லை. ஆனால் அது வீட்டின் அலுமாரித் தட்டில் மூன்று பால்மாத் தகரப் பேணிகளாக வரிசையில் நின்றது.

மீன் விற்ற காசைப் பங்கு பிரிப்பது கடற்கரையின் வழக்கம். வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, போன ஆளுக்கு ஒரு பங்கு. எமிலியானுஸின் வள்ளமும் அவருடையதே, வலையும் அவருடையதே, போன ஆளும் அவரே. இருந்தும் காசு கரைக்கு வந்தவுடன் மூன்றாகப் பிரிந்து, வள்ளப் பேணி, வலைப் பேணி, வீட்டுப் பேணி என்று தனித்தனியே குடிபுகும். வலைப் பேணிக் காசில் சாப்பிட ஒரு றாத்தல் பாண் வாங்கியதற்காக அவர் தம் மனைவியோடு இரண்டு நாட்கள் பேசாமலிருந்ததுண்டு. மூன்றாம் நாள் வீட்டுப் பேணியிலிருந்து வலைப் பேணிக்குக் கடன் அடைக்கப்பட்ட பின்னரே வீட்டில் பேச்சு வந்தது.

சிக்கனத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஒரு தூண்டில் முள்ளுக்கு ஐந்து ரூபா குறைக்கும்வரை கடை வாசலில் நிற்பார். அப்படிப்பட்டவர், வள்ளத்துக்குப் புது இயந்திரம் வாங்குவதற்காக மெற்றில்டாவின் தாலிக்கொடியை மன்னாரில் ஒரு வங்கியில் அடகு வைத்திருந்தார். மாத முடிவுச் செவ்வாய்க்கிழமைக்குள் முதலும் வட்டியுமாக ஐம்பத்தெட்டாயிரம் ரூபா கட்டாவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும் என்று வங்கியிலிருந்து அறிவித்தல் வந்தது. மூன்று பேணிகளிலும் சேர்த்து இருபத்தாறாயிரம் இருந்தது. அது காற்றுக் காலம். கடல் தந்தது அன்றாடச் சோற்றுக்கே போதுமானதாக இருந்தது.

இந்த நிலையில்தான் றஞ்சிதத்தின் கடையில் ஒரு சண்டை நடந்தது. சீனி வாங்கிய எமிலியானுஸுக்கு இருபது ரூபா மிச்சம் தரவேண்டும். சில்லறை இல்லை என்று றஞ்சிதம் ஒரு லொத்தர்ச் சீட்டை நீட்டினார்.

“எனக்கு இது வேண்டாம், காசைத் தாங்கோ.”

“காசு இருந்தாத் தர மாட்டனே? பிடியுங்கோ அண்ணை, விழுந்தா எனக்கும் ஒரு பங்கு.”

“வீட்டுப் பேணிக் காசு, பிள்ளை. இப்பிடிக் கடதாசியாத் திருப்பித் தாறீர்.”

கால் மணி நேரம் முறையிட்டுவிட்டு, சீட்டைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு போனார். அதற்கு நாற்பதாயிரம் ரூபா பரிசு விழுந்தது.

மெற்றில்டா முழங்காலில் நின்று நன்றி சொல்லிவிட்டு, எழும்போதே கணக்கையும் முடித்துவிட்டார். இருபத்தாறும் நாற்பதும் அறுபத்தாறு. தாலிக்கொடி கழுத்துக்கு வந்துவிட்டது.

“நாளைக்கே வங்கிக்குப் போவம்.”

“ஏன்?” என்றார் எமிலியானுஸ்.

“ஏனோ? கொடியை மீட்க!”

“இது கொடிக் காசில்லை மெற்றில்டா. கொடியை உழைச்ச காசிலைதான் மீட்கவேணும். இது சும்மா வந்தது.”

அலுமாரியில் நான்காவதாக ஒரு பேணி குடியேறியது. அதன்மேல் புனித அந்தோனியாரின் படம் ஒட்டப்பட்டது. உள்ளே இருப்பது என்ன வகைக் காசு என்பதை அந்தப் புனிதர் அறிந்திருக்க நியாயமில்லை.

“அப்ப, சீட்டு வாங்கின இருபது ரூபா எந்தப் பேணி?” என்று கேட்டார் மெற்றில்டா.

“வீட்டுப் பேணி.”

“வீட்டு வலையிலை பட்ட மீன் வீட்டுக்குத்தானே?”

எமிலியானுஸ் பேணியின் மூடியை இறுக்கினார். பங்குச் சட்டம் அவருடையது. அதிலேயே அவர் மாட்டியிருந்தார்.

“அது மிச்சக் காசு,” என்றார் கடைசியில். “மிச்சக் காசு கணக்கிலை வராது.”

“மிச்சக் காசுக்கோ கால் மணித்தியாலம் றஞ்சிதத்தோடை சண்டை பிடிச்சனீங்கள்?”

எமிலியானுஸுக்குக் கோயிலுக்குப் போக நேரமாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும், நீக்கிலாஸின் கருவாட்டு வாடிக் கொட்டிலில் காசுக்குச் சீட்டு விளையாடுவார்கள். எமிலியானுஸ் அதுவரை அங்கே வாசலில் நின்று பார்த்தவர். ஒரு ரூபாகூட வைத்ததில்லை. அந்தோனியார் பேணி வந்தபின் கதிரை ஒன்றை இழுத்துப்போட்டு நடுவில் உட்கார்ந்தார். முதல் ஞாயிறு மூவாயிரம் தோற்றுச் சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

“மூவாயிரம் போட்டுதெண்டு சிரிக்கிறியளோ?”

“என்ர காசோ போனது? வந்தது போட்டுது.”

இரண்டாம் ஞாயிறு இரண்டாயிரம் வென்றார். வென்றதும் அந்தோனியார் பேணிக்கே போனது. அதுவும் சும்மா வந்ததாம். மூன்றாம் ஞாயிறு ஒரேயடியாக ஆறாயிரம் தோற்றார். அன்று வீடு திரும்பும் வழியில் றஞ்சிதத்தின் கடையில் நெருப்புப்பெட்டி விலை இரண்டு ரூபா கூடியிருப்பதைக் கண்டு, இப்படி விற்றால் ஏழைகள் எப்படி உயிர் வாழ்வது என்று உரத்துக் கேட்டார்.

செவ்வாய்க்கிழமை நெருங்கியது. ஐம்பத்தெட்டாயிரத்துக்கு மூன்று பேணிகளின் இருபத்தாறு போதாது, முப்பத்திரண்டு குறைகிறது. அதற்கு எமிலியானுஸ் கண்ட வழி அவரைத் தவிர வேறெவருக்கும் தோன்றியிராது. சனிக்கிழமை காலை நீக்கிலாஸிடம் போய்க் கடன் கேட்டார்.

“தாறன் மச்சான், தராமல் என்ன?” என்றார் நீக்கிலாஸ் தாராளமாக. “மாசம் நூற்றுக்கு அஞ்சு வட்டி.”

இதை எமிலியானுஸ் வீட்டுக்கு வந்து நற்செய்தியாக அறிவித்தார். மெற்றில்டா மீன் வெட்டும் கத்தியைக் கீழே வைத்தார்.

“நில்லுங்கோ. அந்தப் பேணியிலை இப்ப எவ்வளவு இருக்கு?”

“முப்பத்துமூண்டு.”

“நீக்கிலாசிட்டைக் கேட்டது?”

“முப்பத்திரண்டு.”

“போன ஞாயிறு ஆர் வெண்டது?”

“நீக்கிலாஸ்தான். நல்ல கை அவனுக்கு.”

“அப்ப உங்கடை காசை அவர் வெண்டு, அதையே உங்களுக்குக் கடனாத் தந்து, மாசம் ஆயிரத்து அறுநூறு வட்டியும் வாங்கப் போறார். உங்கடை முப்பத்துமூண்டும் இஞ்சை அந்தோனியாரோடை சும்மா படுத்திருக்கும்.”

“அது வேற காசு, இது வேற காசு மெற்றில்டா. உமக்கு விளங்காது.”

“இஞ்சாருங்கோ, றஞ்சிதத்தின்ரை கடையிலை உந்த வேற காசுக்குச் சீனி கூடக் குடுப்பினமோ?”

“வந்த வழி வேற.”

“வந்த வழி முடிஞ்சுபோச்சு. போற வழியைப் பாருங்கோ. கொடிக்குப் போகவேண்டிய காசு கொடிக்குத்தான் போகவேணும், அது கடலிலையிருந்து வந்தாலென்ன, கடதாசியிலையிருந்து வந்தாலென்ன.”

அவர் காது கொடுக்கவில்லை. நாளை ஞாயிறு, விட்டதைப் பிடிக்க அந்தோனியார் பேணியிலிருந்து ஐயாயிரம் எடுத்துப் போவதென்று முடிவு செய்திருந்தார். சொல்லி ஆகாது என்று கண்ட மெற்றில்டா வேறு வழி பார்த்தார்.

மறுநாள் எமிலியானுஸ் முதற்பூசைக்குப் போனதும், அலுமாரியைத் திறந்து நான்கு பேணிகளையும் இறக்கினார். லொத்தர்க் காசு புது ஐயாயிரம் ரூபாத் தாள்களாகத் தனியே தெரிந்தது. அவற்றை றஞ்சிதத்தின் கடைக்குக் கொண்டுபோய்ப் பழைய ஆயிரங்களாகவும் ஐந்நூறுகளாகவும் மாற்றினார். திரும்பி வந்து எல்லாவற்றையும் சோற்றுப் பானைக்குள் கொட்டி, அகப்பையால் நன்றாகக் கிண்டினார். அத்தோடு நிறுத்தவில்லை. கணவரை அவர் அறிவார். பானைக்குள் இரண்டு கட்டாக் கருவாட்டையும் போட்டு மூடிவைத்தார்.

எமிலியானுஸ் வந்து அலுமாரியைத் திறந்தார். அந்தோனியார் வெறும் பேணியிலிருந்து அவரைப் பார்த்தார்.

“மெற்றில்டா! காசு எங்கை?”

“பானைக்குள்ளை.”

“எந்தக் காசு?”

“எல்லாக் காசும். ஐம்பத்தொன்பதாயிரம்.”

எமிலியானுஸ் கதிரையில் அமர்ந்து பானையை மடியில் வைத்து உள்ளே பார்த்தார். தாள்களெல்லாம் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்போல் கிடந்தன.

“இதிலை எது என்ர லொத்தர்க் காசு?”

“தெரியேல்லை. நீங்களே பொறுக்குங்கோ.”

ஒரு தாளை எடுத்து மூக்கில் வைத்தார். மீன் காசென்றால் மீன் மணக்கும் என்பது அவருடைய நம்பிக்கை. மணந்தது. அடுத்ததும் மணந்தது. பத்துத் தாள்களை மணந்து பார்த்தபின், எல்லாமே கடலுக்குப் போய்வந்தவை என்று ஒப்புக்கொள்ளவேண்டியதாயிற்று.

“ஐயாயிரம் எடுத்துக்கொண்டு போங்கோவன்,” என்றார் மெற்றில்டா இதமாக. “ஆர் மறிச்சது? ஆனா வங்கிக்கு ஐம்பத்தெட்டு. நாங்கள் பஸ்ஸிலையும் போகவேணும்.”

அவர் ஐயாயிரத்தை எடுத்துக்கொண்டு போனார். போகாமல் விட்டால் மனைவியிடம் தோற்றதாக ஆகிவிடும் என்று நினைத்தார்.

வாடியில் நீக்கிலாஸ் அவரை அன்போடு வரவேற்றார். “வா மச்சான், கருவாடு மாதிரி மணக்கிறாய்!”

ஆளுக்கு இருநூறு ரூபா நடுவில் வைத்து ஆட்டம் தொடங்கியது. ஆளுக்கு மூன்று சீட்டு. எமிலியானுஸ் தம் கையைப் பிரித்துப் பார்த்தார். மூன்றும் ராசா. அவர் வாழ்வில் அப்படி ஒரு கை வந்ததில்லை.

“ஆயிரம்,” என்று நீக்கிலாஸ் ஒரு தாளை நடுவில் எறிந்தார்.

எமிலியானுஸ் ஓர் ஆயிரத்தை எடுத்தார். போன வாரம் என்றால் அதை எறிந்துவிட்டு ஊரைப் பார்த்துச் சிரித்திருப்பார். இப்போது தாளைப் பார்த்தார். இது அந்தோனியார் தந்ததோ, காற்றில் வள்ளம் ஆட வலையிழுத்துக் கை வெட்டுப்பட்ட அன்று வந்ததோ? கையிலிருந்த தழும்பைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார்.

“என்ன மச்சான், காசோடை கதைக்கிறியோ? வை, இல்லாட்டி விடு.”

“ஐந்நூறு வைச்சாக் காணாதோ?”

வாடி சிரிப்பில் அதிர்ந்தது. “இது என்ன மீன் சந்தையோ, பேரம் பேச? அப்ப எழுநூற்றைம்பதுக்குத் தாறன், தலையோடை எடுக்கிறியோ?” என்றார் நீக்கிலாஸ்.

“சீட்டையும் மீன்மாதிரிக் கூறு வைச்சுக் குடுங்கோ அவருக்கு!” என்றார் வேறொருவர்.

எமிலியானுஸ் மூன்று ராசாக்களையும் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார். நீக்கிலாஸ் தம் சீட்டுகளைத் திருப்பிக் காட்டினார்: இரண்டு, ஐந்து, ஒன்பது. வெறுங்கை. மற்றவர்கள் எமிலியானுஸின் சீட்டுகளைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பு கோயில்வரை கேட்டிருக்கும்.

“மூண்டு ராசா!” என்று வீட்டுக்கு வந்து குமுறினார். “உம்மாலைதான். வெண்டிருப்பன்!”

“அவரிட்டை மூண்டு ஆசு இருந்திருந்தால்?”

அவர் நாலாயிரத்து எண்ணூறைப் பானைக்குள் திரும்பப் போட்டார். பின்பு ஏதோ நினைத்துக்கொண்டு கேட்டார்:

“அப்ப முன்னம் தோத்த ஏழாயிரமும்... அதுவும் என்ர காசோ?”

“ஓம். ஒவ்வொரு ரூபாவும்.”

அன்று மாலை எமிலியானுஸ் சாப்பிடவில்லை. ஏழாயிரத்துக்கும் அன்றுதான் துக்கம் கொண்டாடினார்.

செவ்வாய்க்கிழமை இருவரும் மன்னாருக்குப் போய் ஐம்பத்தெட்டாயிரத்தைக் கட்டினார்கள். காசை எண்ணிய பெண் இரண்டு முறை தும்மினார். மெற்றில்டா வங்கி வாசலிலேயே கொடியைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். பஸ் செலவுபோகக் கையில் சில நூறுகள் இருந்தன.

பஸ் நிலையத்தில் லொத்தர்க்காரர் ஒருவர் எமிலியானுஸை வழிமறித்தார். “ஐயா, நாளைக்குக் குலுக்கல்! ஒண்டு எடுங்கோ!”

மெற்றில்டா கொடியை இறுகப் பிடித்துக்கொண்டு கணவரைப் பார்த்தார். எமிலியானுஸ் சீட்டை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். தூண்டில் முள்ளைப் பார்க்கும் அதே பார்வை.

“எவ்வளவு?”

“இருபது ரூபா.”

“பதினைஞ்சுக்குத் தருவீரோ?”

லொத்தர்க்காரர் திகைத்தார். “இதுக்கு ஆரும் விலை குறைச்சுக் கேக்கிறேல்லை ஐயா.”

“அப்ப வேண்டாம்,” என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, எமிலியானுஸ் பஸ்ஸில் ஏறி மனைவிக்கு யன்னலோர இடம் பிடித்தார்.