இரண்டு முறை விழுந்த பூஜ்யம்

புதன்கிழமை மாலை ஐந்து நாற்பதுக்கு அருள்மொழி என் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு வந்தாள். வில்லியனூரில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் டைப்பிங் வேலை செய்பவள். டாக்டர் கையால் எழுதித் தரும் டிஸ்சார்ஜ் சீட்டைக் கம்ப்யூட்டரில் அடித்து பிரிண்ட் எடுத்துக் கொடுப்பாள். கொண்டு வந்தது அந்த லேப்டாப்பைத்தான்.

"பாய், ‘பி’ எழுத்து செத்துப்போச்சு. நாளைக்குக் காலைல வேணும்."

"இன்னா ஊத்தின?"

"டீ. போன செவ்வாக்கிழமை. கொஞ்சூண்டுதான்."

"எட்டு நாளு! அப்பவே கொண்டாந்தா இன்னா?"

"வூட்டுல அரிசி டிரம்முல ஒரு ராத்திரி பூரா புதைச்சு வெச்சேன். காஞ்சிடும்னாங்க."

ஒரு தட்டுத் தட்டினேன். சாவிகளின் இடுக்கிலிருந்து வெள்ளை மாவு உதிர்ந்தது. டீயின் சர்க்கரைமேல் அரிசித் தூள்.

"பொங்கல் வெக்கலாம்போல கீது" என்றேன். அவள் சிரித்தாள்.

"அப்ப எட்டு நாளா ‘பி’ இல்லாம எப்பிடி அடிச்ச?"

"ஒரு ‘பி’யைக் காப்பி பண்ணி வெச்சுக்குவேன். எங்க வேணுமோ அங்க பேஸ்ட். அடிச்சு முடிச்சதும் எங்கனா ‘பி’ வுட்டுட்டனான்னு மூணு வாட்டி பார்ப்பேன். ஒண்ணுகூட வுட்டதில்ல."

திருகாணியைத் தொடும் முன், சாவிகளைச் சோதிக்கும் இணையதளம் ஒன்றை பிரவுசரில் திறப்பது என் வழக்கம். திரையில் கீபோர்டு படம் வரும். ஒரு சாவியை அழுத்தினால் அதன் கட்டம் நிறம் மாறும். விட்டதும் மங்கும். என்ன எழுத்து வந்தது, எந்தச் சாவிக்கு உரிய குறியீடு, அதாவது ‘கோடு’, வந்தது, எத்தனை முறை வந்தது என்பது கீழே வரிசையாக ஓடும்.

‘பி’ இருக்கும் வரிசையை இடது கோடியிலிருந்து ஒவ்வொன்றாக அழுத்தினேன். ‘ஓ’ வரை ஒழுங்காக எரிந்தது. ‘பி’யை ஐந்து முறை அழுத்தியும் கட்டம் அசையவில்லை. செத்த சாவிதான். அதற்கு வலப்பக்கம் உள்ள அடைப்புக்குறிச் சாவியை அழுத்தினால் பக்கத்துச் சாவியின் கோடு வந்தது.

"எழுத்து மட்டும் மாறி, கோடு சரியா இருந்தா செட்டிங்னு வுட்டுடலாம். கோடே மாறுது. உள்ள ஷார்ட் ஆயிருக்கு."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே, யாரும் தொடாமல் மைனஸ் கட்டம் எரிந்தது. அணையவில்லை. கீழே ஒரே கோடு வரிவரியாக ஓடியது.

"அது அப்பப்ப ஓடும் பாய். ஒரு தட்டு தட்டுனா நின்னுடும்."

தட்டினாள். நின்றது. மைனஸுக்கு இடப்பக்கம் பூஜ்யம். அதை அழுத்தினேன். எரிந்தது, மங்கியது. நல்ல சாவி என்றுதான் நினைத்தேன். பழக்கத்தில் கீழே ஓடிய வரிசையைப் பார்த்தேன். ஒருமுறை அழுத்தியதற்கு இரண்டு வரிகள். அழுத்தியே பிடித்திருந்தால் ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வரும், ஆனால் அதற்கு அரை நொடியாவது ஆகும். இது இமைக்கும் நேரத்தில் வந்த இரண்டு தனித்தனி அழுத்தங்கள். நிதானமாகப் பத்து முறை அழுத்தினேன். பதின்மூன்று வந்தது. வெளி கீபோர்டைச் செருகிப் பத்து முறை அழுத்தினேன். பத்துதான்.

"அருள்மொழி, இன்னிக்கு அடிச்ச சீட்டைத் தொற."

"எதுக்கு?"

"தொற மொதல்ல."

அன்று ஒரே ஒரு டிஸ்சார்ஜ். கலியம்மாள், வயது அறுபத்தொன்று, பண்டசோழநல்லூர். காலை பதினொன்றுக்கு வீட்டுக்குப் போனவர். கைபேசி எண்ணை எண்ணினேன். பதினோரு இலக்கம்.

"அய்ய, ஒரு ஜீரோ சாஸ்தி" என்று சிரித்தாள் அருள்மொழி. சிரித்தபடியே அவள் கண் கீழே இறங்கியது. மருந்து வரிசையில் நின்றது. இன்சுலின், இரவு உணவுக்கு முன், 100 யூனிட்.

"பத்து பாய்" என்றாள். "டாக்டர் பத்துன்னுதான் எழுதினாரு. நான் பத்துதான் அடிச்சேன்."

நர்சிங் ஹோமுக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டாள். நர்ஸ் அமிர்தம் சிஸ்டர் எடுத்தார். கலியம்மாளுக்கு இன்சுலின் எவ்வளவு என்று அருள்மொழி கேட்டாள்.

"பத்துதான்டி. ஏன்?"

"சீட்டுல நூறுன்னு போயிருக்குக்கா."

அந்தப் பக்கம் நாற்காலி தள்ளப்படும் சத்தம் கேட்டது. "நான் பார்த்துக் கையெழுத்துப் போட்டனே... எத்தினி மணிக்குச் சாப்பிடுவாங்க அவங்க? போன் பண்ணு. எடுக்கலைன்னா ஓடு. நான் டாக்டரைப் பிடிக்கிறேன்."

எண்ணில் சேர்ந்தாற்போல் இரண்டு பூஜ்யங்கள் ஓரிடத்தில்தான் இருந்தன. ஒன்றை எடுத்துவிட்டு அடித்தோம். மணி போனது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தோம். எடுக்கவில்லை. மணி ஆறு பத்து.

ஷட்டரை இறக்கிவிட்டு என் வண்டியில் கிளம்பினோம். கரிக்கலாம்பாக்கம் தாண்டும் வரை அவள் அடித்துக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு முறையும் கடைசி மணி வரை போய் நின்றது. பிளாட் போட்டு நட்ட எல்லைக் கற்களுக்கு அப்பால் வயல்கள் இருட்டத் தொடங்கியிருந்தன.

"நூறுன்னு போட்டிருந்தா யாருனா போடுவாங்களா பாய்? ஊசியில நாப்பது யூனிட்டுக்கு மேல அளவுக் கோடே இல்லியே."

"போட மாட்டாங்கமா" என்றேன். வேகத்தை நான் குறைக்கவில்லை.

வீட்டைக் கண்டுபிடிக்க ஆறு முப்பத்தைந்து ஆனது. கலியம்மாளின் மகன் உலகநாதன் வாசல் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தான். உள்ளே கைபேசி சார்ஜில் கிடந்து ஒளிர்ந்துகொண்டிருந்தது.

"ஊசி போட்டீங்களா?" அருள்மொழி வண்டியிலிருந்து இறங்கும்போதே கத்தினாள்.

"போட்டாச்சும்மா, கால் மணி நேரம் ஆவுது. ரெண்டு ஃபுல்லு, ஒண்ணு பாதி. மூணு குத்தான்னு எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு. கையெழுத்துன்னா சந்தேகப்படலாம், கம்ப்யூட்டர்ல அடிச்சது தப்பா இருக்குமா? சோறு ஆயினு கீது, இப்ப சாப்பிடுவாங்க."

அவனிடம் விஷயத்தைச் சொன்னது நான்தான். அவன் அருள்மொழியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தன் கையைப் பார்த்தான். பிறகு பக்கத்து வீட்டு ஆட்டோவைக் கூப்பிட ஓடினான்.

கலியம்மாள் உள்ளே கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். அருள்மொழி சொம்புத் தண்ணீரில் சர்க்கரையை அள்ளிக் கொட்டிக் கலக்கி நீட்டினாள்.

"போடி அந்தாண்ட. சக்கரை வந்தவளுக்குச் சக்கரைத் தண்ணியா? டாக்டரு திட்டுவாரு."

"டாக்டருதான் சொன்னாரு. குடிங்கம்மா. உங்க கால்ல வுழறேன்."

அவள் உண்மையிலேயே விழுந்தாள். கலியம்மாள் பயந்துபோய் வாங்கிக் குடித்தார்.

அரியூர் பெரிய ஆஸ்பத்திரிக்கே நேராகக் கொண்டுபோகும்படி அமிர்தம் சிஸ்டர் போனில் சொன்னார். ஆட்டோவில் உலகநாதன் தாயைத் தன் மடியில் சாய்த்துப் பிடித்துக்கொண்டான். எதிரில் அருள்மொழி சொம்போடு உட்கார்ந்தாள். நான் வண்டியில் ஆட்டோவின் பக்கத்தை ஒட்டியபடியே, பேச்சு காதில் விழும் தூரத்தில் போனேன்.

"தூங்க வுடாத" என்று ஸ்பீக்கரில் போட்ட போனிலிருந்து சிஸ்டரின் குரல். "பேசிக்கினே இரு. முழுங்குற வரைக்கும் குடு, மயங்கிட்டா வாயில ஊத்தாத."

"உங்க பேரு இன்னாம்மா?"

"கலியம்மா. உனுக்குத் தெரியாதா?"

"புள்ள பேரு?"

"உலகநாதன்."

ஒரு கிலோமீட்டர் போயிருப்போம். தெருவிளக்கு ஒன்றின் கீழே அவர் நெற்றி எண்ணெய் தடவியதுபோல் மின்னியது. உலகநாதன் துடைத்தான். மறு விளக்குக்குள் மறுபடி நனைந்திருந்தது.

"உங்க பேரு இன்னாம்மா?"

"கலி... அம்மா."

"புள்ள பேரு?"

அவர் மகனை நிமிர்ந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். முன்பின் தெரியாத ஒருவர் மடியில் எப்படிப் படுத்திருக்கிறோம் என்று யோசிப்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

"யம்மா, நான்தாம்மா" என்றான் அவன்.

ஆட்டோக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அரியூருக்கு இன்னும் ஐந்து கிலோமீட்டர் இருந்தது. அருள்மொழி சொம்பை அவர் உதட்டருகே கொண்டுபோனாள். உதடு திறக்கவில்லை. சொம்பைத் தள்ளி வைத்துவிட்டு, கன்னத்தைத் தட்டி, அதே கேள்வியை மறுபடி கேட்டாள்.