பக்கத்து வீட்டு மூக்கு

மாலையில் பெயிண்டரின் மகள் கைக்குழந்தையோடு வரப்போகிறாள். அவளுக்கென்று அவர் நேற்றுத்தான் அறைக்கு எனாமல் அடித்து, ஈரத்தில் தூசி ஒட்டக்கூடாதென்று ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்.

"வாடையே இல்ல. குழந்தையைப் படுக்க வைக்கலாம்," என்றார்.

பெட்ரோல் பங்கில் வேலை பார்க்கும் மனைவியும் மோந்து பார்த்தாள். "ஆமாங்க, ஒண்ணுமே தெரியல."

எதற்கும் இருக்கட்டுமென்று பக்கத்து வீட்டுத் தையல்காரரைக் கூப்பிட்டார்கள். வாசற்படியிலேயே அவருக்குக் கண்ணில் நீர் கொட்டியது.

"அடப்பாவி! தின்னர் நெடி மண்டையைப் பொளக்குது. நாள் முழுக்க நீ தின்னர்லயும் தங்கச்சி பெட்ரோல்லயும் ஊறிக் கிடந்தா மூக்குக்கு எப்படித் தெரியும்?"

பெயிண்டர் வெட்கத்தோடு சிரித்தபடி ஜன்னல்களைத் திறந்து, மின்விசிறியை வெளிப்பக்கம் திருப்பி வைத்தார். மகளுக்கும் பேத்திக்கும் தங்கள் அறையைக் கொடுத்துவிட்டு இருவரும் கூடத்துக்கு மாறினார்கள்.

அன்றிலிருந்து தினமும் காலையில் தையல்காரர் வந்து மோந்து பார்த்துத் தீர்ப்புச் சொன்னார். ஒவ்வொரு தீர்ப்புக்கும் ஒரு காபி.