ரத்தினபாய் சொன்ன எட்டாவது எண்

மேற்குத் தாம்பரத்தில் கேசவன் ஜோசியம் பார்க்கும் முன்னறையில் ஒரே ஒரு சட்டம்தான். ஒரு கேள்வியை ஒரு தடவைதான் கேட்கலாம். வந்தவர் ஒன்றிலிருந்து இருநூற்று நாற்பத்தொன்பதுக்குள் மனதில் பட்ட எண்ணைச் சொல்வார். கேசவன் அந்த எண்ணுக்கு லக்னம் குறித்து, அந்த நிமிடத்துக் கிரகங்களைப் போட்டு, பலன் சொல்வான். தேதி, எண், கேள்வி மூன்றையும் அவன் மனைவி சாமுண்டீஸ்வரி நோட்டில் எழுதுவாள். பலனை மட்டும் அவனே எழுதுவான். எதுவும் மாறாமல் அதே கேள்வியோடு யார் திரும்பி வந்தாலும், "மொதல்ல சொன்ன எண்தான் எண். அப்புறம் வர்றதெல்லாம் உங்க ஆசை" என்று வாசலோடு அனுப்பிவிடுவான்.

ரத்தினபாய்க்கு மட்டும் அந்தச் சட்டம் கிடையாது. சாமுண்டீஸ்வரிக்கு வயிறு எரிந்ததே அதனால்தான்.

ரத்தினபாய் பல்லாவரத்தில் டீச்சர். நிச்சயம் பண்ணி, இரண்டு வருஷம் பழகிவிட்டு, வேண்டாம் என்று போய்விட்ட எட்மண்ட் திரும்பி வருவானா என்பதுதான் அவள் கேள்வி. பாஸ்டருக்குத் தெரியாமல், பைபிளைக் கைப்பையின் அடியில் மறைத்துக்கொண்டு, ஜூன் மாதம் முதன்முறை வந்தாள். அப்புறம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பல்லாவரம் சந்தையில் கொய்யாப்பழம் வாங்கிக்கொண்டு மின்சார ரயிலில் வந்து இறங்கினாள். ஏழு வாரம், ஏழு எண். ஏழு தடவையும் கேசவன் சலிக்காமல் கட்டம் போட்டான். மற்ற நாளெல்லாம் பனியனோடு உட்காருபவன் வெள்ளிக்கிழமையானால் இஸ்திரி சட்டை போட்டான், பவுடர் பூசினான். கட்டின பெண்டாட்டிக்கு இது தெரியாதா என்ன!

எட்டாவது வெள்ளி கேசவன் சவரம் செய்துகொள்ளப் போயிருந்தான். அந்த நேரம் பார்த்து ரத்தினபாய் சீக்கிரமே வந்துவிட்டாள்.

"சார் இல்லீங்களா? நூத்தி அறுபத்திரெண்டு. ரயில் டிக்கெட்ல அந்த நம்பர்தான் கண்ணுல பட்டுது."

நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டு விரட்டிவிடத்தான் சாமுண்டீஸ்வரி நோட்டை எடுத்தாள். ஜூன் ஒன்பதாம் தேதிப் பக்கத்தைத் திறந்தாள். எண் அறுபத்தேழு. அதன் கீழே கேசவன் கையெழுத்து. ஏழாம் வீட்டின் உப அதிபதி ஆறு, பத்து, பன்னிரண்டைக் காட்டுகிறான். கல்யாணத்துக்கு வேண்டிய இரண்டு, ஏழு, பதினொன்று இல்லை. சேர்க்கை இல்லை.

மற்ற ஆறு வெள்ளிகளின் பலனையும் புரட்டிப் பார்த்தாள். அவனுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. தெரிந்தும், "கொஞ்சம் இழுபறியா கீது, அடுத்த வாரம் பாக்கலாம்" என்றுதான் ரத்தினபாயிடம் சொன்னான். சாமுண்டீஸ்வரி உள்ளேயிருந்து அதைக் கேட்டிருந்தாள். இதுவரை ரத்தினபாய் மேல் இருந்த ஆத்திரம் அப்படியே புருஷன் மேல் திரும்பியது.

"எட்மண்ட்கிட்டேருந்து லெட்டர் வந்துச்சா?"

"இல்ல."

"ஆள் மூலமா எதனா சொல்லி வுட்டாரா?"

"இல்லக்கா."

"அப்போ எதுவும் மாறல. புது எண் கெடையாது. மொதல்ல கேட்டதுக்குச் சேர்க்கை இல்லைன்னு வந்துகீது. பாருங்க." நோட்டை அவள் பக்கம் திருப்பினாள். "அப்புறம் போட்ட ஆறுல நாலு இல்லைன்னு வந்துது, ரெண்டு உண்டுன்னு வந்துது. நீங்க அந்த ரெண்டத்தான் புடிச்சிகினு கீறீங்க."

ரத்தினபாய் பக்கங்களைப் புரட்டினாள்.

"அப்போ வரவே மாட்டாரா?"

"திரும்பவும் அதே கேள்விதான் கேக்குறீங்க" என்றாள் சாமுண்டீஸ்வரி. அவளை அறியாமலே குரல் இறங்கிவிட்டது. "கட்டம் சொன்னது இது. அவர் மனசு அவருக்குத்தான் தெரியும். ஆறு மாசம் இத கேக்காதீங்க. அவரா எதனா செஞ்சா அப்ப வாங்க. வேற கேள்வின்னா எப்ப வேணா வாங்க. இப்ப இங்கேருந்து போனா கூட யார் இருக்காங்க?"

"தனியாதான். குரோம்பேட்டைல எங்க அக்கா இருக்கா."

"ரூமுக்குப் போவாதீங்க. அக்கா வூட்டுக்குப் போங்க."

ரத்தினபாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வாசலில் நின்று திரும்பினாள். "சார் ஏங்க்கா இத மொத நாளே சொல்லல?"

சாமுண்டீஸ்வரி நோட்டை மூடினாள். அவமானமாக இருந்தது.

கேசவன் மழமழவென்ற முகத்தோடு வந்தான். மேஜைமேல் கொய்யாப்பழத்தைப் பார்த்தான். "ரத்தினபாய் வந்தாங்களா?"

"வந்தாங்க. மொத நாள் பலன காட்டிட்டேன். இனிமே ஆறு மாசத்துக்கு வர மாட்டாங்க."

"யாருடி உன்ன ஜோசியம் சொல்லச் சொன்னது?"

அவள் சண்டைக்குப் போகவில்லை. வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். புதுப் பக்கம் எடுத்துத் தேதி போட்டாள்.

"எண் நூத்திப் பதினொண்ணு. எழுதிட்டேன். என் புருஷன் எங்கிட்ட திரும்பி வருவாரா?"

கேசவன் பஞ்சாங்கத்தைத் தொடவில்லை.

"ஒரு தடவதான் கேப்பேன்" என்று நோட்டை அவன் பக்கம் தள்ளினாள். "அடுத்த வாரம் வான்னு மட்டும் எங்கிட்ட சொல்லாதீங்க."