ஆசை இல்லாமல் இல்லை

ஆஸ்பத்திரியின் காலைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் மேலாளர் விஷயத்தைப் போட்டு உடைத்தார். ரத்த வங்கிப் பொறுப்பாளரம்மா அடுத்த மாதத்தோடு வேலையை விட்டுப் போகிறார். அந்த இடத்துக்கு இனி, அவருக்குக் கீழே டெக்னீஷியனாக இருக்கும் இவள்தான். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூட்டம் கைதட்டியது. கல்யாணத்தில் மாலை போட்ட மாதிரி அவளும் அசட்டுச் சிரிப்போடு தலையாட்டி வைத்தாள்.

ரத்த வகை பார்ப்பது, பையிலுள்ள ரத்தம் நோயாளிக்கு ஒத்துப்போகிறதா என்று கிராஸ் மேட்ச் போடுவதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவள் பயந்தது வேறொன்றுக்கு. அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்கிற சிலர் உடம்பில், அடுத்தவர் ரத்தத்தை எதிர்க்கும் ஆன்டிபாடி உண்டாகிவிடும். வகை பொருந்தும், ரத்தம் பொருந்தாது. எந்த ஆன்டிபாடி என்று கண்டுபிடித்து, அது தாக்காத பையைத் தேடி எடுக்க வேண்டும். தவறினால் வார்டில் ஒரு உயிர் போகலாம். அப்படிக் கேஸ் வந்த போதெல்லாம் அவள் செய்தது ஒன்றே ஒன்றுதான்: "அக்கா, கொஞ்சம் வாங்க" என்று பொறுப்பாளரம்மாவைக் கூப்பிட்டது. இனிமேல் எல்லாரும் கூப்பிடப்போவது அவளை.

கூட்டம் முடிந்த கையோடு மேலாளர் அறைக்குப் போய், எனக்கு வேண்டாம் சார் என்று சொல்லிவிட்டாள். அவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மேல வரணும்னு ஆசையே இல்லாத ஆள வச்சுக்கிட்டு நான் என்னம்மா பண்றது?"

கதவை இழுத்துச் சாத்திவிட்டு வந்தாள். வெளியே, கூட வேலை பார்க்கும் ஆமாஞ்சாமி நின்றிருந்தான். எதைக் கொடுத்தாலும் சரி சார் என்று வாங்கிக்கொள்வதால் வந்த பேர். ரத்தப் பைகள் வைக்கும் குளிர்பெட்டிகளின் பராமரிப்பும் அவன் பொறுப்புதான். அதில் ஒன்றின் அலாரம் வாரக்கணக்கில் அலறிக்கொண்டிருக்கிறது. "எடுத்துக்கோ, அப்புறம் பாத்துக்கலாம்" என்றான். அப்புறம் பார்ப்பதற்கு இது குளிர்பெட்டி இல்லை என்று எரிந்து விழுந்தாள்.

வீட்டில் அதைவிடக் கூத்து. பள்ளிச் சமையலறையில் வேலை பார்க்கும் அம்மா, மகள் பெரிய அதிகாரி ஆகிவிட்டாள் என்று தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள். நடந்ததைக் கேட்டதும் கரண்டியோடு திரும்பினாள். "கூப்பிட்டுக் குடுக்கறாங்க, உனக்கு ராங்கி. நம்ம வீட்ல யாருக்குடி நாற்காலி குடுத்தாங்க இதுவரைக்கும்?"

அதுதான் அவளைக் குத்தியது. வசதியான வீட்டுப் பையன் கொஞ்ச நாள் போகட்டும் என்றால் நிதானமானவன் என்பார்கள். இவள் சொன்னால் பயந்துட்டா, இவங்கல்லாம் இப்படித்தான் என்பார்கள். இந்த நியாயத்தை யார் எழுதினார்களோ, அவர்கள் வாயில் மண்ணைப் போட வேண்டும் போலிருந்தது. ஆனால் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது கோபம் தன் பக்கமும் திரும்பியது. வேண்டாம் என்று மட்டும்தானே சொன்னோம்? என்ன வேண்டும் என்று வாயைத் திறந்தோமா?

மறுநாள் காலை, மேலாளர் நாற்காலியில் உட்காருமுன் போய் நின்றாள்.

"சார், எனக்கு அந்தப் பொறுப்பு வேணும். இப்ப வேணாம். ஆன்டிபாடி கேஸ் நான் தனியா முடிச்சதே இல்ல. அக்கா போறதுக்குள்ள வர்ற ஒவ்வொண்ணையும் நானே பாக்கறேன், அவங்க சரிபார்க்கட்டும். அவங்க திருத்தவேண்டியதே இல்லாம போற அன்னிக்கு நானே வந்து கேக்கறேன். அதுக்கு முன்னாடி அவங்க கிளம்பிட்டா, டாக்டர் கையெழுத்தோட அந்தக் கேஸெல்லாம் பெரிய லேபுக்கு அனுப்பிடலாம். ஸ்டாக்கும் ஷிப்ட் போடறதும் இன்னைலேர்ந்தே என்கிட்ட விட்டுடுங்க."

கடைசி வாக்கியத்தில் மேலாளர் நிமிர்ந்தார். ஷிப்ட் சண்டையைத் தீர்ப்பதில்தான் அவருக்குப் பாதி நாள் போய்க்கொண்டிருந்தது.

"இத நேத்தே சொல்லியிருக்கலாம்ல?"

"நேத்து நீங்க கேக்கவே இல்லையே சார்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. போர்டில் பேர் வராது, சம்பளமும் ஏறாது, வேறு நல்ல ஆள் கிடைத்தால் போட்டுவிடுவேன் என்றார். ஒவ்வொன்றுக்கும் சரி என்றாள். மூன்றாவது சரியை மட்டும் கொஞ்சம் மெதுவாகத்தான் சொன்னாள்.

அடுத்த வாரமே ஒரு கேஸ் வந்தது. பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்ட ஒரு பெண். பொறுப்பாளரம்மா கையைக் கட்டிக்கொண்டு ஓரமாய் நின்றுகொண்டார். இவள் முதலில் நினைத்தது தப்பு, முடிவுகளோடு ஒத்துப்போகவில்லை.  மறுபடி முதலிலிருந்து ஓட்டினாள். எந்த ஆன்டிபாடி என்று பிடிபட்டது. அதற்குத் தோதான பையைத் தேடியெடுத்து, கிராஸ் மேட்ச்சும் போட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். பொறுப்பாளரம்மா எல்லாவற்றையும் ஒரு முறை சரிபார்த்து, எதையும் திருத்தாமல் டீ குடிக்கப் போனார்.

அவளே வார்டுக்குப் போன் போட்டாள். நர்ஸ் பேசினாள்.

"பொறுப்பாளரா பேசறீங்க?"

"இன்னும் இல்ல. ஆனா பை நான் பாத்ததுதான். ஆள அனுப்புங்க."