கேட்காமல் விட்ட இரண்டாம் பக்கம்

முயலுக்கு நாய் என்றால் பயம். ஒதுங்கிப் போகிற சாதாரணப் பயம் இல்லை, உயிர் போகிற பயம். சின்ன வயதில் கெண்டைக்காலில் வாங்கிய கடியின் தழும்பு இன்னும் அப்படியே இருக்கிறது. தூரத்தில் ஒரு வால் தெரிந்தால் போதும், இவள் அடுத்த தெருவில் இருப்பாள். அதனால்தான் அண்ணன்காரன் அவளுக்கு முயல் என்று பெயர் வைத்தான். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சான்றிதழில் தூங்குகிறது.

அப்படிப்பட்டவள் சமூகவியல் முதுகலைக்கு எடுத்துக்கொண்ட தலைப்பு, தெருநாய்களைப் பற்றி ஊர்க்காரர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது. தலையெழுத்து என்று இதைத்தான் சொல்வார்கள். தலைப்புகளைப் பங்கு போட்ட அன்று காய்ச்சலில் படுத்துக்கிடந்தாள். கல்யாணச் செலவையும் கைப்பேசிப் பழக்கத்தையும் மற்றவர்கள் அள்ளிக்கொண்டு போய்விட, மிஞ்சியது நாய்.

வினாத்தாளை நன்றாகத்தான் தயாரித்தாள், அதில் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஐந்து கட்டங்கள்: முழுமையாக ஒப்புக்கொள்கிறேன் என்பதில் தொடங்கி, நடுவில் கருத்து இல்லை, கடைசியில் முழுமையாக மறுக்கிறேன். முதல் பக்கத்தில் நாய்களுக்கு எதிரான வாக்கியங்கள். இரண்டாம் பக்கத்தில் நாய்களுக்கு ஆதரவானவை. இரண்டையும் கலந்து போடச் சொல்லியிருந்தார் வழிகாட்டிப் பேராசிரியை. கலக்கலாம், முன்னோட்டம் முடியட்டும் என்று முயல் தள்ளிப்போட்டாள். கேள்விகள் சரியாக வேலை செய்கின்றனவா என்று சில வீடுகளில் கேட்டுப் பார்ப்பதுதான் முன்னோட்டம். அதில் வரும் விடைகள் கேள்விகளைத் திருத்த மட்டுமே, வெளியே சொல்வதற்கு அல்ல.

கேட்கப் போன இடமோ அவள் குடியிருக்கும் தெரு. வாசலுக்கு வாசல் ஒரு நாய். தாளைக் கொடுத்துவிட்டு வந்தால் திரும்ப வாங்கப் போக வேண்டும், மறுபடி அத்தனை நாயையும் தாண்ட வேண்டும். அதனால் வெளிக்கதவுக்கு இந்தப் பக்கமே நின்று, தானே வாக்கியங்களை வாசித்து, அங்கேயே குறியிட வைத்தாள். முதல் பக்கம் முடிவதற்குள் ஏதாவது ஒன்று எழுந்து சோம்பல் முறிக்கும். அவ்வளவுதான், "ரொம்ப நன்றிங்க" என்று கிளம்பிவிடுவாள். இரண்டாம் பக்கத்தை ஒரு வீட்டில்கூட அவள் வாசிக்கவில்லை.

இதெல்லாம் அவளுக்கு உறைத்தது சனிக்கிழமை மதியம், சாப்பாட்டு மேசையில் தாள்களைப் பரப்பிவைத்துப் பார்த்தபோது. ஒரு தாளின் ஓரத்தில் நீலச் சாக்கட்டிக் கறை இருந்தது. பெயர் எழுதவில்லை என்றாலும் அது யார் கை என்று அவளுக்குத் தெரியும். தெருமுனைத் தையல்கார அக்கா. அந்தத் தாளில் மேலிருந்து கீழ்வரை ஒரே கட்டத்தில் குறி. தெருநாய்கள் ஆபத்தானவை, முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். தெருநாய்களை ஊரை விட்டு அகற்ற வேண்டும், முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்.

அந்த அக்காவின் தையல் மிஷினுக்கு அடியில்தான் பொத்தான் என்கிற கறுப்புத் தெருநாய் நாள் முழுக்கப் படுத்திருக்கும். தனிக்கட்டையான அக்கா தனக்குச் சமைக்காத நாளிலும் அதற்குச் சமைப்பாள். அவளா அகற்றச் சொல்வாள்? முயல் மற்ற தாள்களைப் புரட்டினாள். கிட்டத்தட்ட எல்லாரும் எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டிருந்தார்கள்.

"ஏய் முயல், பெரிய ஆளாயிட்ட போல" என்று அண்ணன் கைப்பேசியை நீட்டிக்கொண்டு வந்தான். தெருச் சங்கத்தின் குழுவில் செயலாளர் செய்தி போட்டிருந்தார். பல்கலைக்கழக ஆய்வின்படி நம் தெருவில் பத்தில் ஒன்பது பேர் நாய்களை அகற்றச் சொல்கிறார்கள். இன்று மாலை கூட்டத்தில் கையெழுத்து. வண்டி தயாராக இருக்கிறது, இன்றைக்கே வேலை முடிந்துவிடும்.

"வண்டியா? எங்க கொண்டு போவாங்க?"

"யாருக்குத் தெரியும். நகராட்சி வண்டின்னா ஊசி போட்டுத் திருப்பி விட்டுடுவாங்க. இது செயலாளரே பிடிச்ச ஆளு. போனா போனதுதான்." அவன் அவள் முகத்தைப் பார்த்தான். "என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? உனக்குக் கொண்டாட்டம்தானே?"

கொண்டாட்டமாம். அந்தப் பத்தில் ஒன்பதைத் தூக்கிக் கொடுத்தவளே அவள்தான். வீடுவீடாகக் கேட்க அனுமதி தந்தவர் செயலாளர். முந்தாநாள் வழியில் மறித்து, "என்னம்மா, என்ன சொல்றாங்க நம்ம ஜனங்க?" என்று கேட்டபோது வாய் சும்மா இருக்கவில்லை, எண்ணைச் சொல்லிவிட்டாள். இருக்கத்தான் முடியுமா? அவர் செயலாளர் மட்டும் இல்லை, இவர்கள் குடியிருக்கும் வீட்டுக்குச் சொந்தக்காரரும் அவர்தான்.

பேராசிரியையைக் கைப்பேசியில் கூப்பிட்டு எல்லாவற்றையும் கொட்டினாள்.

"முன்னோட்டத்துல வந்த எண்ணை வெளியே சொல்லாதேன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க மேடம்."

"ஒரே பக்கமாக் கேட்டா ஜனங்க ஒரே பக்கமாத்தான் தலையாட்டுவாங்க. வீட்டு வாசல்ல வந்து நிக்கிற படிக்கிற பொண்ணுகிட்ட யாரு இல்லேன்னு சொல்லுவா? அதுக்குத்தானே ரெண்டு பக்கமும் போடச் சொன்னேன். நீ அளந்தது அவங்க மனசை இல்லம்மா, அவங்க மரியாதையை."

"இப்ப என்ன மேடம் பண்றது?"

"கூட்டத்துக்குப் போ. உன் எண்ணு தப்புன்னு சொல்லு. நம்பலைன்னா அங்கேயே ரெண்டு பக்கத்தையும் வாசிச்சுக் கை தூக்கச் சொல்லு. வேற வழியில்லை."

முதலில் தையல்கார அக்காவிடம் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று முயல் கிளம்பினாள். சாதாரணக் கைப்பேசி வைத்திருக்கும் அக்காவுக்குக் குழுச் செய்தி எங்கே போய்ச் சேரப்போகிறது? கடை தெரிகிற தூரம் வரை போய்விட்டாள். வாசலில் குறுக்கே படுத்திருந்த பொத்தான் தலையைத் தூக்கிப் பார்த்தது. குரைக்கவில்லை, உறுமவில்லை, பார்த்தது, அவ்வளவுதான். முயலின் கெண்டைக்கால் தழும்பு சில்லென்றது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "அக்கா" என்று கூப்பிட்டது அவள் காதுக்கே கேட்கவில்லை. உள்ளே மிஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. வந்த வழியே திரும்பிவிட்டாள். இரண்டு வார்த்தை சொல்ல வக்கில்லாமல் திரும்பிய தன்னையே வழியெல்லாம் திட்டிக்கொண்டு நடந்தாள்.

சங்கத்தின் கூடம் சாயங்காலம் நிரம்பி வழிந்தது. வெளியே கம்பிக்கூண்டு வைத்த வண்டி நின்றது. அதன் ஓட்டுநர் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு பீடி பிடித்துக்கொண்டிருந்தார். முயல் அந்தக் கயிற்றைப் பார்க்காமல் உள்ளே போனாள். கூட்டம் தொடங்கிய பிறகு, யாரோ போய்க் கூப்பிட்டதால், தையல்கார அக்கா எதற்கென்றே தெரியாமல் கழுத்தில் அளவு நாடாவோடு வந்து பின்வரிசையில் உட்கார்ந்தாள். வாசற்படியில் பொத்தான் படுத்துக்கொண்டது, கூண்டுக்குப் பத்தடி தள்ளி.

"நம்ம தெருப் பொண்ணே ஆராய்ச்சி பண்ணிச் சொல்லியிருக்கு" என்று செயலாளர் ஆரம்பித்தார். "எழுந்திரும்மா. நீயே சொல்லு."

எழுந்தாள். அம்மா முன்வரிசையில் பெருமையாக உட்கார்ந்திருந்தாள், பாவம்.

"சார், அந்த எண்ணு தப்பு."

செயலாளரின் சிரிப்பு முகத்திலேயே காய்ந்தது. "என்ன தப்பு? நீதானே சொன்னே?"

"நான் கேட்ட விதம் தப்பு சார். ஒரு பக்கம் மட்டும்தான் கேட்டேன். இப்ப ரெண்டு வாக்கியம் வாசிக்கிறேன். ஒத்துக்கிறவங்க கை தூக்குங்க." தாள் கையில் படபடத்தது. "தெருநாய்களை ஊரை விட்டு அகற்ற வேண்டும்."

கைகள் எழுந்தன. எல்லாம் இல்லை, நிறைய. அப்புறம் பின்வரிசையில் ஒரு கை எழுந்தது. விரல்களில் நீலச் சாக்கட்டி.

முயலுக்கு இரண்டாவது வாக்கியம் மறந்தே போனது.

"அக்கா, கையை இறக்குங்க."

"ஏம்மா? தூக்கச் சொன்னியே."

"வெளியில நிக்கிற வண்டி எதுக்குன்னு தெரியுமாக்கா? நாயைப் பிடிச்சுட்டுப் போக. பொத்தானையும்தான். கொண்டு போனா திரும்ப வராது."

அக்கா வாசலைத் திரும்பிப் பார்த்தாள். கூண்டு, கயிறு, படியில் தூங்குகிற கறுப்பு முதுகு. கை மெல்ல இறங்கியது.

"நிஜமாவா? நான் உன் பரீட்சைக்குன்னுல்ல நினைச்சேன்?"

"அப்படியே இருந்தாலும் ஏன்க்கா எல்லாத்துக்கும் ஆமான்னீங்க? அகற்றணும்னு நீங்க நினைக்கலையே."

அக்காவுக்கு இத்தனை பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லை. அளவு நாடாவை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள். "அன்னைக்கு என் வாசல்ல வந்து நின்னப்ப நீ பொத்தானைப் பார்த்து அப்படி நடுங்கினே. குரலே வரலை. நாய் ஆபத்தான்னு கேட்டே. இல்லேன்னு சொன்னா, இன்னும் நாலு கேள்வி கேட்டுக்கிட்டு அங்கேயே நிக்கணுமே, பயந்துக்கிட்டு. ஆமாம் ஆமாம்னு போட்டா நீ சீக்கிரம் போயிடுவேன்னு போட்டேன். இப்பவும் நடுங்கிக்கிட்டுத்தான் நிக்கிறே. அதான் தூக்கினேன்."

"எங்க வீட்லயும் அதேதான்" என்றார் மருந்துக்கடைக்காரர். "பொண்ணு முகம் வெளுத்துப் போயிருந்துச்சு. பாவம், தலையாட்டி அனுப்பி வைன்னு வீட்டுக்காரி சொன்னா."

இன்னும் நாலைந்து தலைகள் ஆமாம் என்று ஆடின. முயலுக்கு முகம் எரிந்தது. மரியாதை என்று பேராசிரியை சொன்னதுகூட முழுசாகச் சரியில்லை. தெரு முழுக்க நடந்து, வாசல் வாசலாக நின்று, அவள் தன் பயத்தையே அளந்துகொண்டு வந்திருக்கிறாள்.

"சார், நாய் வேணும்னு நான் சொல்லலை" என்றாள் செயலாளரிடம். "எனக்கு நாயைக் கண்டாலே ஆகாது. இந்தத் தெரு என்ன நினைக்குதுன்னு எனக்குத் தெரியாது, அதான் உண்மை. என் எண்ணை வச்சு யாரும் கையெழுத்துப் போடாதீங்க."

கூடத்தில் சலசலப்பு. அகற்றத்தான் வேண்டும் என்று இரண்டு பேர் உரக்கப் பேசினார்கள். அவர்கள் நிஜமாகவே அப்படி நினைப்பவர்கள், பேரனை நாய் கடித்ததைக் கண்ணால் பார்த்தவர்கள். நகராட்சியைக் கூப்பிட்டு ஊசி போடச் சொல்லலாமே என்று மருந்துக்கடைக்காரர் எழுந்தார். கையெழுத்துத் தாள் மூன்றாவது வரிசையோடு நின்றுவிட்டது. கடைசியில் செயலாளர் வெளியே போய் ஓட்டுநரிடம் ஏதோ சொல்ல, கூண்டு காலியாகவே கிளம்பிப் போனது.

திரும்பி வந்தவர் அம்மாவின் முன்னால் நின்றார். "நாளைக்கு வீட்டுப் பக்கம் வாங்கம்மா. வீடு விஷயமாப் பேசணும்."

அம்மா முயலைப் பார்த்தாள். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள்.

எல்லாரும் கலைந்தார்கள். வெளியே போக ஒரே வாசல். படியில் பொத்தான் இன்னும் படுத்திருந்தது. தன்னைச் சுற்றி என்ன நடந்தது என்று அதற்கு என்ன தெரியும்? தையல்கார அக்கா பக்கத்தில் குந்தி அதன் காதைத் தடவிக்கொண்டிருந்தாள். முயல் இரண்டடி தள்ளி நின்றுவிட்டாள். கால் நகரவில்லை.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "நாயைக் கண்டா பயமா இருக்காம்மா?"

இத்தனை நாளாக ஊரையெல்லாம் கேட்டவளை யாரும் திருப்பிக் கேட்டதில்லை. முயல் எச்சில் விழுங்கினாள்.

"முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்க்கா" என்றாள்.

அக்கா சிரிக்கவில்லை. பொத்தானின் கழுத்தை இரண்டு கையாலும் அணைத்துத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். "நீ போ. நான் பிடிச்சிருக்கேன்."