இரண்டு வாய்ச் சோறு

வீட்டில் புருஷன் இரண்டு வாயோடு தட்டைத் தள்ளுகிறார்; வயிறோ நாளுக்கு நாள் பெருக்கிறது. இதற்கு என்ன அர்த்தம்? ரேணுகாம்பாளுக்குச் சந்தேகமே இல்லை. முனுசாமி வேறெங்கோ மூக்குமுட்டத் தின்றுவிட்டு வருகிறார். வேறெங்கே, சொல்லாமல் கொள்ளாமல் ஜான்சனைக் கட்டிக்கொண்டு போன மகள் ஜீவிதா வீட்டில்தான். ஆட்டோ ஓட்டுகிற மனுஷனுக்கு அவள் இருக்கும் வாலாஜாபாத் ஒரு தூரமா?

"போதும் ரேணுகா, ரொம்பிடுச்சு."

"ரொம்பாம இன்னா பண்ணும்? அங்கதான் விருந்து நடக்குதே!"

மகளைப் பார்க்கப் போவது உண்மை என்பதால் அவர் வாயைத் திறப்பதில்லை. ரேணுகாம்பாள் விடுகிற ஆளா? மகள் சமையலைத் தோற்கடிக்க, கருவாட்டுக் குழம்பும் ஊறுகாயுமாக உப்புத் தூக்கலாய்த் தினமும் ஆக்கிப் போட்டாள். கால் வீங்கியபோது, உட்கார்ந்தே ஓட்டினால் வீங்காதா என்றாள்.

ஒரு நாள் சவாரிக்கு நடுவில் மூச்சு முட்டி ஆட்டோவை ஓரங்கட்டினார். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சோற்றுத் தூக்குடன் ரேணுகாம்பாள் ஓடியபோது வார்டில் ஜீவிதா நின்றிருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு முகம் பார்க்காத மகள் எடுத்த எடுப்பில் பாய்ந்தாள்.

"எங்க வூட்ல துன்னக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினியாம்மா? ஆசையா ஆக்கி வச்சா, ரெண்டு வாயில கைய கழுவிடறாரு!"

ரேணுகாம்பாளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உன் வூட்லயுமா?"

டாக்டரம்மா குறுக்கிட்டாள். "அவரு எங்கயுமே சாப்பிடலம்மா. இதயம் பலவீனமாயிடுச்சு. திரும்பி வர்ற ரத்தத்தைத் தள்ள முடியாம, மதகு அடைச்ச ஏரி மாதிரி பின்னாடியே தேங்குது. கல்லீரல் வீங்கிடுச்சு, குடல் சுவர்ல நீர் கோத்திருக்குது, வயித்துக்குள்ளயும் தண்ணி. இரைப்பை விரிய இடமில்ல, அதான் ரெண்டு வாயில ரொம்பிடுது. குடல் அப்படி இருந்தா பசியும் எடுக்காது. வயித்தப் பாத்து ஏமாந்துட்டீங்க. தோளப் பாருங்க, எலும்பு தெரியுது."

ரேணுகாம்பாள் அப்போதுதான் தோளைப் பார்த்தாள்.

"உப்பக் கொறைங்க, அது தண்ணியப் புடிச்சு வச்சுக்கும். கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி குடுங்க."

தூக்கில் கருவாட்டுக் குழம்பு இருந்தது. அதை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். பாவி, என் கையாலேயே உப்பைக் கொட்டினேனே என்று நினைத்துக்கொண்டாள்.

மருந்தில் நீர் வடிந்து வயிறு கொஞ்சம் இறங்கியது. இதயம்தான் தேறவில்லை. உப்பில்லாக் கஞ்சியை ஆளுக்கொரு கரண்டி ஊட்டினார்கள். "போதும்மா" என்பார். ரேணுகாம்பாள் வாயைத் துடைத்துவிடுவாள். அந்த ஒரு சொல்லுக்காக எத்தனை சண்டை போட்டிருப்பாள்! கடைசிவரை அவர் அதைச் சொல்லிக்காட்டவில்லை. அவர் போன பிறகு அதுதான் அவளை உள்ளுக்குள் கொன்றது.

காரியத்தன்று படையல் இலையை விரித்தார்கள். அவருக்குப் பிடித்ததையெல்லாம் குவிப்பதுதான் வழக்கம். ரேணுகாம்பாள் ஒரு பிடி சோறு வைத்தாள். பக்கத்தில் ஜீவிதா ஒரு பிடி வைத்தாள்.

"இன்னாடி இது, இவ்ளோதானா? இன்னும் வையி," என்றாள் நாத்தனார் பூவம்மாள்.

"வேணாம் அண்ணி," என்றாள் ரேணுகாம்பாள். "அவருக்கு இவ்ளோதான் முடியும்."