பதினாலாம் நம்பர் எத்திராஜ்

கூட்டம் ஒன்றே முக்கால் மணி நேரம் நடந்தது. அதில் ஐம்பது நிமிடம், பேனரில் யார் தலை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதற்கே போய்விட்டது. மிச்ச நேரத்தில்தான் ஆடித் திருவிழா. அதையும் மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

மந்தைவெளியில் எங்கள் சந்து முனையில் இருக்கும் துலுக்காணத்தம்மன் கோயில் வாசலில் ஞாயிற்றுக்கிழமை காலையில் விழாக் கமிட்டி கூடியது. தலைவர் கோதண்டம் மாமா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கூட்டம் முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"நிரோஷா, நீதான் பி.காம். நம்ம சந்துலயே மொதல் பட்டதாரி. பேசுனதெல்லாம் ஒரே பக்கத்துல அடக்கி குரூப்ல போடு. வசூல் எவ்ளோ, செலவு எவ்ளோ, யாருக்கு இன்னா வேலை. அவ்ளோதான்."

இவர்களுக்கு வேலை இருக்கும்போது மட்டும்தான் நான் பட்டதாரி. கூட்டத்தில் வாயைத் திறந்தால் "நீ கம்முனு இரும்மா, பெரியவங்க பேசறாங்க". நல்லவேளை, போனில் பதிவு செய்திருந்தேன். தி.நகரில் நான் வேலை பார்க்கும் ஆடிட்டர் அலுவலகத்தில் வாரம் இரண்டு கூட்டக் குறிப்பு எழுதுகிறேன். அங்கே ஒரு விதி உண்டு. யார் சொன்னார், என்ன முடிவு, எந்தத் தேதிக்குள். இந்த மூன்றும் இல்லாத பேச்சு எழுத்துக்கு வராது.

அந்த விதியை எங்கள் கூட்டத்துக்குப் பொருத்தியதும் பாதிக் கூட்டம் காணாமல் போனது. "பாத்துக்கலாம்" என்ற சொல் மட்டும் இருபத்தேழு முறை வந்தது. எண்ணினேன். யார் பார்த்துக்கொள்வது என்று ஒருமுறைகூட வரவில்லை.

வசூலிலேயே தகராறு. பொருளாளர் தேவராஜ் "ஒரு லட்சத்து இருவத்தினாலாயிரம் வந்துகீது" என்று மார் தட்டிச் சொன்னார். வீட்டுக்கு இரண்டாயிரம் வரி, அறுபத்திரண்டு வீடு. பெருக்கிச் சொல்லிவிட்டார். ரசீதுக் கட்டையைப் புரட்டினால் நாற்பத்தேழு வீடுதான் கொடுத்திருந்தது. தொண்ணூற்று நாலாயிரம் வந்தது, முப்பதாயிரம் வர வேண்டியது என்று இரண்டு வரியாகப் பிரித்தேன். செலவும் அப்படித்தான். பந்தலுக்குப் பேசியது முப்பத்தெட்டாயிரம், முன்பணம் பத்தாயிரம், பாக்கி இருபத்தெட்டாயிரம். பம்பை உடுக்கைக்கு, பூ அலங்காரத்துக்கு, கூழ்ச் சாமானுக்கு என்று ஒவ்வொன்றுக்கும் பேசியது ஒரு பக்கம், கொடுத்தது ஒரு பக்கம்.

மூன்றாவது பகுதி, வேலைப் பங்கீடு. இதில்தான் எனக்கு ரத்தம் கொதித்தது.

எங்கள் சந்தில் யாரும் யாருக்கும் வேலை பிரிப்பதில்லை. போன வருஷத்து நோட்டைப் பிரித்து வாசிப்பார்கள். "போன வருஷம் மாதிரியே" என்று எல்லாரும் தலையாட்டுவார்கள். அந்த நோட்டு அதற்கு முந்தைய வருஷத்து நோட்டைப் பார்த்து எழுதியது. அது அதற்கும் முந்தையதை. பதிவில் தேவராஜின் குரல் தெளிவாகக் கேட்டது: "பதினாலாம் நம்பர், எத்திராஜ், வரி ரெண்டாயிரம் வந்துட்டுது. வேலை, பந்தல் மேற்பார்வை. போன வருஷம் மாதிரியே."

பதினாலாம் நம்பர் எங்கள் வீடு. எத்திராஜ் என் அப்பா. பதினொரு வருஷத்துக்கு முன்னால் வீட்டை விட்டுப் போனவர். வியாசர்பாடியில் வேறு குடும்பம். பதினொரு வருஷமாக எங்கள் கோயில் பந்தலை அவர் அங்கிருந்தே மேற்பார்வை பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அந்த இரண்டாயிரம் என் அம்மா பவுனு, சீட்டு எடுத்துக் கொடுத்தது. இரண்டு வீட்டில் சமையல் வேலை செய்கிறவள். கூழ் காய்ச்சுவதும் அவள்தான். கேழ்வரகு வாங்கி, அரைத்து, மாவைக் கரைத்துப் புளிக்கவைத்து, மறுநாள் நான்கு அண்டா கிண்டுவாள். கை காய்த்துப் போகும். நோட்டில் அந்த வேலைக்கு நேராக எழுதியிருந்த பெயர்: மகளிர்.

நான் எழுதினேன்: பதினாலாம் நம்பர், பவுனு, இரண்டாயிரம். கூழ் பொறுப்பு, பவுனு.

அன்று சாயங்காலமே அச்செடுத்து கோதண்டம் மாமாவிடம் கொண்டுபோனேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, டிக்கெட் சரிபார்க்கிற மாதிரி ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தார். வர வேண்டியது முப்பதாயிரத்தைப் பார்த்து, "தேவராஜ் மூஞ்சிய பாக்கணுமே" என்று சிரித்தார். பதினாலில் விரல் நின்றது.

"இன்னாம்மா இது?"

"குடுத்தவங்க பேரு மாமா."

"வரி ஆளுக்கு இல்லம்மா, தலைக்கட்டுக்கு. ஒரு வூட்டுக்கு ஒரு ஆம்பள. அதான் தலைக்கட்டு."

"பதினோரு வருஷமா அந்தத் தலை இங்க இல்லியே."

"இல்லன்னா? செத்தா பூட்டான்? செத்தவன் பேர அடிச்சிட்டு பொண்டாட்டி பேர எழுதுவோம். ஒம்பதாம் நம்பர்ல, இருவதுல அப்டித்தான் எழுதிகீது. உயிரோட கீறவன் பேர அடிச்சா, உங்கம்மா நெத்தில கீற பொட்ட அழிக்கிற மாதிரி. ஆத்தா திருவிழாவுல அந்தப் பாவம் எனக்கு வேணாம்."

"வூட்ட வுட்டுப் போனவருக்கு இல்லாத பாவமா?"

"அது உங்க குடும்ப விசயம். இது கோயில் விசயம். மாத்தி எழுது. அப்பால இன்னொண்ணு, வேலை கீற ஆளுங்க ஒவ்வொருத்தர் பேருக்கு நேரா போன் நம்பர் போட்டுடு. பந்தல்கார ஹபீப் பாய்க்கும் பூக்காரனுக்கும் அனுப்பணும். எல்லாத்துக்கும் என்னையே கூப்புடறானுங்க."

வீட்டுக்கு வந்து கத்தினேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வுட்டுடு நிரோ."

"எதை வுடறது? உன் துட்டு, உன் கை, அவரு பேரு. உனக்கு ரோசமே இல்லியாம்மா?"

"கரகம் நம்ம வாசல்ல நிக்கும்போது மைக்குல சொல்றாங்க இல்ல, எத்திராஜ் குடும்பம்னு. அந்தப் பேரு இருக்கிறவரைக்கும் ஒருத்தியும் என்னை ஒண்ணும் கேக்க மாட்டா. நீ ஆபீசுக்குப் பூடுவே. தண்ணி லாரிகிட்ட நிக்கிறது நானு."

எனக்குக் கோபம் இன்னும் கூடியது. சரி, போன வருஷம் மாதிரியே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எத்திராஜ், பந்தல் மேற்பார்வை. கூழ், மகளிர். போன் நம்பர் கட்டத்துக்கு வந்தேன்.

அப்பாவின் நம்பர் என்னிடம் இருந்தது. எனக்கு வேலை கிடைத்த மாதம் எப்படியோ தெரிந்துகொண்டு ஐயாயிரம் கேட்டுப் பேசியிருந்தார். அந்தப் பத்து எண்களையும் எத்திராஜ் பெயருக்கு நேராக ஒழுங்காக அடித்தேன். சொன்னதைத்தானே செய்தேன்? திங்கட்கிழமை காலை குரூப்பில் போட்டு, ஹபீப் பாய்க்கும் பூக்காரருக்கும் அனுப்பினேன். முப்பது கட்டைவிரல் வந்தது. ஒருவரும் படிக்கவில்லை.

ஹபீபுர் ரஹ்மான் மட்டும் படித்திருந்தார். எட்டு வருஷமாக எங்கள் கோயிலுக்குப் பந்தலும் மைக்செட்டும் போடுகிறவர். புதன்கிழமை காலை, நான் அலுவலகம் கிளம்பி சந்து முனைக்கு வந்தபோது அவர் ஒரு கையில் டேப்பும் மறு கையில் கழியுமாக நின்றிருந்தார். போன் கோயில் படியில் ஸ்பீக்கரில் கிடந்தது. கோதண்டம் மாமா பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, துலுக்காணத்தம்மன் கோயில் பந்தல். அளவு எடுக்க வந்துகிறேன். நீங்க வந்து பாத்துட்டா கால் நட்டுருவேன்."

"யாருப்பா நீ? எந்தக் கோயிலு?" அந்தக் குரல். ஐயாயிரம் கேட்ட குரல்.

"மந்தவெளிண்ணே. பதினாலாம் நம்பர் எத்திராஜ்தானே? லிஸ்ட்ல உங்க பேர் கீதே."

"அந்த வூட்டுக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லப்பா. என் பேரை எவன் எழுதுனது?"

"வரிகூட குடுத்துகிறீங்களேண்ணே. ரெண்டாயிரம்."

"நானா? நல்ல கதையா கீது. பத்து பைசா குடுக்கல. நாளைக்கி அது பாக்கி, இது பாக்கின்னு எங்கிட்ட வந்து நிக்கவா? பேர அடி. மொதல்ல அடி."

மாமா டீ கிளாஸை வாயிலிருந்து எடுக்கவில்லை. நான் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மாட்டினீரா என்று உள்ளே ஒரு துள்ளல். அப்புறம்தான் திரும்பினேன். மாவு மில்லிலிருந்து அம்மா வந்து நின்றிருந்தாள். இடுப்பில் கேழ்வரகு மாவு டப்பா. எவ்வளவு நேரமாக நின்றிருந்தாள் என்று தெரியவில்லை. தண்ணிக் குழாய் பக்கத்தில் இரண்டு பெண்களும் நின்றிருந்தார்கள்.

துள்ளல் அடங்கிப் போனது. இதை நான் செய்திருக்கக் கூடாது. அல்லது செய்திருக்க வேண்டும், ஆனால் அவள் காதில் விழுந்திருக்கக் கூடாது. இன்றுவரை எனக்குத் தீரவில்லை.

ஹபீப் பாய் அவசரமாகக் குனிந்து போனை அணைத்தார். "மன்னிச்சிக்க பவுனு அக்கா. லிஸ்ட்ல இருந்துச்சி, கூப்புட்டேன்."

"நீ இன்னா பண்ணுவ பாய். எழுதுனத பாத்துதானே கூப்புடுவ." அம்மா டப்பாவைப் படியில் இறக்கினாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். நம்பர் எப்படி வந்தது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மாமா பக்கம் திரும்பினாள்.

"கேட்டியாண்ணா? அவரே அடிக்கச் சொல்லிட்டாரு. இனிமே உனக்குப் பாவம் கிடையாது."

மாமா தொண்டையைச் செருமினார். "கமிட்டில பேசணும் பவுனு. திடீர்னு நான் ஒருத்தன்..."

"பேசு. சனிக்கிழமைக்குள்ள மாவு கரைக்கணும். மகளிர வரச் சொல்லு, கரைப்பாங்க." டப்பாவை மறுபடி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "நான் என் வூட்டுக்குப் போறேன்."

நான்கு அடி நடந்திருப்பாள். "நில்லும்மா, நில்லு," என்றார் மாமா. "நிரோஷா, மாத்தி போட்டுடு. இந்த வருசத்துக்கு மட்டும்னு கீழ எழுதிடு."

"ஏன் மாமா இந்த வருசத்துக்கு மட்டும்?"

"எழுதும்மா! எல்லாத்துக்கும் கேள்வி. படிக்க வச்சதே தப்பு."

அவரா படிக்க வைத்தார்? பல்லைக் கடித்துக்கொண்டு அங்கேயே போனைத் திறந்தேன். எத்திராஜை அழித்தேன். பந்தல் மேற்பார்வைக்கு, வருஷா வருஷம் அதை உண்மையில் செய்கிற தேவராஜின் பெயரைப் போட்டேன். பதினாலாம் நம்பரில் பவுனு என்று அடித்துவிட்டு விரல் நின்றது. லிஸ்டில் எல்லாப் பெயருக்கும் முன்னால் ஓர் எழுத்து இருந்தது.

"இனிஷியல் இன்னாம்மா போடறது?"

அம்மா யோசித்தாள். அவள் அப்பா பெயரையா, அந்தப் போனில் கத்தியவர் பெயரையா என்று அவள் முகத்தில் தேடினேன்.

"ஒண்ணும் வேணாம். கதவு நம்பர் போடு. அங்கதானே கீறேன்."

'14, பவுனு' என்று எழுதினேன். கீழே, இந்த ஆண்டுக்கு மட்டும். குரூப்பில் போட்டதும் மறுபடி கட்டைவிரல்கள் வர ஆரம்பித்தன. இந்தத் தடவையும் யாரும் படித்திருக்க மாட்டார்கள். அடுத்த ஆடியில் இந்தப் பக்கத்தைத்தான் எடுத்து வாசிப்பார்கள். கடைசி வரியையும் சேர்த்துத்தான் காப்பியடிப்பார்கள்.

அம்மா குழாய் பக்கம் போனாள். அந்த இரண்டு பெண்களும் குடத்தை நகர்த்தி அவளுக்கு வழி விட்டார்கள். ஒருத்தியாவது ஏதாவது பேசுவாள் என்று காத்திருந்தேன். யாரும் பேசவில்லை. எனக்கு பஸ் போய்விட்டது.